பீங்கான் பட்டறைகளில் புதிய செய்முறையை நிலைபெறச் செய்தல்: விருத்தாசலத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர். பொம்மை முதலிய பொருள்களைக் களிக்குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வார்ப்பது இத்தொழிலின் வழக்கமான முறை. இத்தகைய பட்டறைக்குப் புதிய செய்முறை ஒன்றை வழங்கிய பின்னர், தொழிலாளர் அதனைத் தொடர்ந்து பின்பற்றுவது எதைப் பொறுத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செய்முறையும் தடையும்

குழம்பு கெட்டியானால் கண்ணளவில் தண்ணீர் சேர்ப்பது எளிய பழக்கம். ஆனால் மிகுநீரை அச்சு உறிஞ்சி ஈரமாகிறது. வார்ப்பு உலரும்போது கூடுதலாகச் சுருங்கி வெடிக்கிறது. புதிய செய்முறையில் ஒரு லிட்டர் குழம்பை எடைபோட்டு, ஏறத்தாழ 1,750 முதல் 1,800 கிராம் வரை இருக்குமாறு பார்த்து, தண்ணீருக்கு மாற்றாகச் சிறிதளவு சோடியம் சிலிகேட் சேர்த்து இளக்குவர். அதன் அளவு மிகுந்தாலும் வார்ப்பு கெடும். எனவே அளவிடுதல் இன்றியமையாதது.

எண்ணிக்கைக் கூலி பெறுபவருக்கு எடைபோடும் நேரம் கூலி இழப்பாகும். வெடிப்புக் குறைவதன் பயனோ சில நாள் கழித்துச் சூளையடியில் உரிமையாளருக்குக் கிடைக்கிறது.

சியால்கோட் சான்று

பாகிஸ்தானின் சியால்கோட் கால்பந்துத் தொழிலில் இதே நிலை காணப்பட்டது. செயற்கைத் தோலின் விரயத்தைக் குறைக்கும் புதிய வெட்டச்சினை டேவிட் அட்கின் குழுவினர் இலவசமாக வழங்கியும் மிகச் சில நிறுவனங்களே அதனை ஏற்றன. எண்ணிக்கைக் கூலி பெற்ற வெட்டுநர்களின் வேகத்தைப் புதிய அச்சு தொடக்கத்தில் குறைத்தது. அவர்கள் அதன் பயனை உரிமையாளரிடம் குறைத்துக் கூறினர். பின்னர், புதிய முறையில் திறன் காட்டினால் ஏறத்தாழ ஒரு மாத ஊதியம் ஒருமுறை வழங்கப்படும் என்றதும் ஏற்பு உயர்ந்தது. இவ்வாய்வு 2017இல் வெளியானது.

பயிற்சியும் பின்னூட்டமும்

இதனை வார்ப்புப் பட்டறைக்குப் பொருத்தினால் திட்டம் மூன்று கூறுகளாக அமையும். முதலாவது, பழகும் வாரங்களில் முந்தைய சராசரிக் கூலியை உறுதிசெய்தல். இரண்டாவது, வார்ப்பு மேசையிலேயே பயிற்சியளித்தல். ஒரே நாளில் சில அச்சுகளுக்குப் பழைய குழம்பையும் சிலவற்றுக்கு அளந்த குழம்பையும் ஊற்றினால், பிற்பகலில் எந்த அச்சிலிருந்து வார்ப்பு விரைவாகக் கழல்கிறது என்பதைத் தொழிலாளரே காண்பர். தம் கூலிக்கான பயனையும் உணர்வர். மூன்றாவது, ஒவ்வொரு வார்ப்பின் அடியிலும் நாட்குறி இட்டு, சூளையில் உடைந்தவற்றை வார்த்தவரிடமே கொண்டுவந்து காட்டுதல். தண்டனைக்குரிய சான்றாக இவற்றைக் கொண்டால் நாட்குறி மறையும்.

ஏற்பினை அறியும் வழி

எடைப்பதிவேடு நிரம்பியிருப்பது மட்டும் ஏற்புக்குச் சான்றாகாது. நாள்தோறும் ஒரே எண் காணப்பட்டால் அது அளக்காமல் எழுதப்பட்டிருக்கலாம். பயிற்றுநர் சென்ற பின்னர், முன்னறிவிப்பின்றி ஒரு லிட்டரை எடைபோட்டுப் பதிவுடன் ஒப்பிடுவதே தெளிவான சோதனை.

முடிவுரை

அறியாமையைப் பயிற்சி போக்கும். கூலி இழப்பைப் போக்காது. ஆகவே செய்முறையை வழங்குவதற்கு முன்பே கூலிமுறையை ஆராய்வது திட்டமிடலின் முதற்படியாகிறது.