பாக்கியை மட்டும் கேட்டால் போதாது

“மார்ச் 31 அன்று உங்களுக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி ரூ.6,18,400. உறுதி செய்து அனுப்பவும்.” ஆடிட்டுக்கு முன்னால் சப்ளையர்களுக்குப் போகும் கடிதம் பல இடங்களில் இவ்வளவுதான். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று கோவை நூல் மில்லுக்கு இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம். மில்லின் லெட்ஜரில் இருப்பதோ ரூ.9,07,000. அங்குள்ள கணக்காளர் ‘தொகை சரியில்லை’ என்று ஒரு வரி எழுதுவார், அல்லது கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார்.

வித்தியாசம் ரூ.2,88,600. இதில் யாரும் தப்புக் கணக்கு எழுதவில்லை. மார்ச் 30 தேதியிட்ட ரூ.1,89,000 பில்லுக்கான நூல் ஏப்ரல் 2 அன்றுதான் திருப்பூர் வந்தது. அதனால் கம்பெனி புத்தகத்தில் ஏறவில்லை. மார்ச் 31 அன்று கொடுத்த ரூ.75,000 செக்கை மில் ஏப்ரலில்தான் வரவு வைத்தது. தரக்குறைவுக்காகக் கம்பெனி போட்ட ரூ.24,600 டெபிட் நோட்டை மில் இன்னும் ஏற்கவே இல்லை.

இந்த மூன்றையும் மில்காரர் சட்டென்று கண்டுபிடிக்கும்படி கடிதம் இருக்க வேண்டும். அதற்கு முதல் வேலை, நிலுவையில் உள்ள பில்களை மில்லின் இன்வாய்ஸ் எண், தேதி, தொகையோடு பட்டியலிடுவது. நம் வவுச்சர் எண்ணை வைத்துக்கொண்டு அவரால் எதையும் தேட முடியாது. ஆனால் பல கடிதங்களில் அதுதான் இருக்கிறது! மார்ச்சில் கொடுத்த பணத்துக்குச் செக் எண்ணோ வங்கியின் யுடிஆர் எண்ணோ வேண்டும். டெபிட் நோட்டுகளைப் பாக்கிக்குள் கழித்து மறைக்காமல், காரணத்தோடு தனியாகக் காட்ட வேண்டும். பிடித்த டிடிஎஸ்ஸும் அப்படியே. கடைசியில், “தொகை வேறுபட்டால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான உங்கள் லெட்ஜரை எக்செல்லில் அனுப்புங்கள்” என்று கேட்டுவிட வேண்டும். பிடிஎஃப் வந்தால் வரிவரியாகத் தட்டச்ச நேரிடும்.

பதில் வந்ததும் இன்வாய்ஸ் எண்ணை வைத்து இரண்டு லெட்ஜரையும் பொருத்தினால், பொருந்தாத வரிகள் மட்டும் மிஞ்சும். செக் தானாகவே சரியாகிவிடும். வழியில் இருந்த நூல் அப்படியல்ல. சரக்கு மில் வாசலைத் தாண்டியதுமே பொறுப்பு கம்பெனிக்கு என்று ஒப்பந்தம் இருந்தால், அந்தக் கொள்முதலை மார்ச் கணக்கிலேயே எழுதியாக வேண்டும். டெபிட் நோட்டுக்குப் பேசித்தான் முடிவு காண வேண்டும்.

இவ்வளவும் நம் சொந்தச் சரிபார்ப்புக்கு. ஆடிட்டர் சான்றாகக் கொள்ளும் கடிதம் வேறு. யாருக்கு அனுப்புவது என்பதை அவரே தேர்ந்தெடுப்பார். பதிலும் நம் கைக்கு வராமல் நேரே அவருக்குப் போக வேண்டும். தர வேண்டிய கடனைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களா என்பதே அவருடைய கவலை என்பதால், தொகையைக் குறிப்பிடாமல் சப்ளையரையே எழுதச் சொல்வதும், புத்தகத்தில் பாக்கியே இல்லாத சப்ளையரைக் கேட்பதும் உண்டு. ‘பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் சரி என்று கொள்வோம்’ என்ற வாசகத்தை நம்பி அவர் எளிதில் திருப்தி அடைய மாட்டார். கடிதத்தைப் பிரிக்கவே இல்லை என்றாலும் பதில் வராதுதானே?