நடு எழுத்துகளையும் பாருங்கள்

2024 மே 3. எத்தீரியம் வலைப்பின்னலில் ஒருவர் 1,155 ராப்டு பிட்காயினை அனுப்பத் தயாரானார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 7 கோடி டாலர். விவரம் தெரிந்தவர் போலிருக்கிறது. எடுத்த எடுப்பில் முழுத் தொகையையும் அனுப்பிவிடவில்லை. முதலில் 0.05 ஈதரை மட்டும் அனுப்பிப் பார்த்தார். அது சரியான இடத்துக்குத்தான் போனது. பிறகு அனுப்பிய 1,155 பிட்காயினோ முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவருடைய வாலட்டை யாரும் உடைக்கவில்லை. கடவுச்சொல்லையும் யாரும் திருடவில்லை. பெரிய தொகையை அனுப்பும் நேரத்தில், வாலட்டின் பரிவர்த்தனைப் பட்டியலில் இருந்த தவறான முகவரி அவர் கைக்கு வந்துவிட்டது. அதை அங்கே போட்டு வைத்தவன் திருடன்.

எத்தீரியம் முகவரியில் 0x என்ற தொடக்கத்துக்குப் பின் 40 எழுத்துகளும் எண்களும் வரும். கைபேசித் திரையில் இடம் போதாது என்று பல வாலட்கள் முன்னால் சிலவற்றையும் பின்னால் சிலவற்றையும் மட்டும் காட்டுகின்றன. இந்த வழக்கில் சரியான முகவரி, திருடனின் முகவரி இரண்டுமே சுருக்கினால் இப்படித்தான் தெரியும்:

```
0xd9A1...3a91
```

இருபுறமும் இன்னும் நான்கு எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முதலில் இருப்பது சரியானது, அடுத்தது திருடனுடையது:

```
0xd9A1b0B1...B2853a91
0xd9A1C378...44853a91
```

இப்படி ஒரு முகவரியைச் செய்வது நினைப்பதைவிட எளிது. முகவரி உருவாக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. வேண்டிய தலையும் வாலும் அமையும் வரை கணினி புதிது புதிதாக உருவாக்கிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள இரண்டிலும் முன்னால் நான்கு, பின்னால் ஆறு எழுத்துகள் ஒத்துப்போகின்றன. அதற்குச் சராசரியாக ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்ட முயற்சிகள் தேவை. கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய கணினிகளுக்கு இது எட்டக்கூடிய கணக்குதான். ஆனால் 40 எழுத்துகளும் ஒத்துப்போகும்படி செய்ய எந்தக் கணினியாலும் முடியாது. நமக்கு இருக்கும் பிடி இதுதான்.

அடுத்த வேலை, அந்த முகவரியை உங்கள் பட்டியலில் ஏற்றுவது. பிளாக்செயினில் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பதை எவரும் பார்க்கலாம். நீங்கள் ஒருவருக்கு அனுப்பியதும், அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் திருடனின் நிரல் போலி முகவரியிலிருந்து சில பைசா மதிப்புள்ள தொகையை உங்களுக்கு அனுப்பும். சில நேரம் யுஎஸ்டிடி என்று பெயர் மட்டும் வைத்த போலி டோக்கன் வரும். மூன்றாவது வழி இன்னும் மோசம். பல டோக்கன்களின் ஒப்பந்த நிரலில், தொகை பூஜ்யமாக இருந்தால், உங்கள் கணக்கிலிருந்து அனுப்புவதாக வேறு ஒருவரே பதிவு செய்ய முடியும். உங்கள் ஒப்புதல் தேவைப்படாது. அப்போது உங்கள் பட்டியலில் நீங்களே போலி முகவரிக்கு அனுப்பியதுபோல ஒரு வரி நிற்கும். வங்கி பாஸ்புக்கில் வங்கி மட்டுமே எழுதும். வாலட் பட்டியலிலோ ஊர் பேர் தெரியாதவனும் ஒரு வரி எழுதிவிடலாம்.

ஆகவே, பட்டியலில் பூஜ்யத் தொகையோ, காரணமில்லாத சில்லறைத் தொகையோ நீங்கள் அனுப்பிய சிறிது நேரத்தில் தென்பட்டால் அந்த வரியைத் தொடாதீர்கள். அதனால் மட்டும் உங்கள் பணம் போய்விடாது. அதிலிருந்து முகவரியை எடுத்தால்தான் ஆபத்து. முகவரியை எப்போதும் பெறுபவரிடமிருந்தே வாங்குங்கள். அடிக்கடி அனுப்புபவர் என்றால், ஒருமுறை முழுதாகச் சரிபார்த்து வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் பெயர் போட்டுச் சேமித்துவிடுங்கள். ஹார்ட்வேர் வாலட் வைத்திருப்பவர்கள், அதன் திரையில் வரும் முழு முகவரியையும் மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். ஒப்பிடும்போது தலையையும் வாலையும் விட்டு நடுவில் பத்து எழுத்துகளைப் படியுங்கள். போலி மாட்டிக்கொள்வது அங்கேதான்.

சோதனைக்குச் சிறு தொகை அனுப்புவது நல்ல பழக்கம். ஆனால் அது சோதித்த முகவரிக்கு மட்டுமே சான்று. கிடைத்ததா என்று பெறுபவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பின், முதலில் எங்கிருந்து முகவரியை எடுத்தீர்களோ அங்கிருந்தே மீண்டும் எடுக்க வேண்டும். மே 3 அன்று தவறிய படி இதுதான்.

அந்த வழக்கில் பறிகொடுத்தவர் பிளாக்செயின் வழியாகவே திருடனிடம் பேரம் பேசினார். ஒரு வாரத்துக்குப் பிறகு தொகையின் பெரும்பகுதி திரும்பி வந்தது. அதை நம்பி யாரும் துணிய வேண்டாம். உறுதியான பரிவர்த்தனையைத் திருப்பிப் போட இங்கே வங்கி மேலாளர் கிடையாது. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் செலவிடும் அரை நிமிடம்தான் ஒரே காப்பு.