வழவழத்த செல்ஃபிக்குத் தோலைத் திருப்பித் தருவது

பியூட்டி ஃபில்டர் முகத்தில் செய்வது அடிப்படையில் ஒரு சராசரிக் கணக்கு. ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தோடு கலந்து சமப்படுத்துகிறது. வித்தியாசம் பெரிதாக உள்ள இடங்களில், அதாவது இமை, உதட்டு விளிம்பு, மூக்கின் ஓரம் போன்றவற்றில், கை வைக்காமல் ஒதுங்கிக்கொள்கிறது. அதனால்தான் கண்ணும் வாயும் கூர்மையாக நிற்க, கன்னமும் நெற்றியும் மட்டும் பிளாஸ்டிக்காக மாறிவிடுகின்றன. மயிர்த்துளைகளும் பூனைமுடியும் மெல்லிய வரிகளும் கணினிக்கு வெறும் சிறு நிற வித்தியாசங்கள்தான். அவற்றைக் குறையென்று கருதி ஃபில்டர் கழித்துவிடுகிறது.

கழிந்தவை படத்துக்குள் எங்கும் ஒளிந்திருப்பதில்லை. கூர்மையைக் கூட்டினால் மிச்சமிருக்கும் விளிம்புகள் தடிக்குமே தவிர, துளைகள் திரும்ப வராது. முதலில் செய்ய வேண்டியது, அசல் படம் போனில் இருக்கிறதா என்று தேடுவது. சில போன்களின் கேலரி, திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தையும் சேமித்து வைத்திருக்கும். அது இல்லாதபோது, தோலின் அமைப்பை அதே ஆளின் வேறொரு படத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் செயற்கையாக உருவாக்க வேண்டும். கடன் வாங்கியதே எப்போதும் நம்பும்படி இருக்கும்.

எந்த வழியானாலும் முதலில் அளவு தெரிய வேண்டும். பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர். முகத்தின் அகலத்தை அளவுகோலாகக் கொள்வது தவறு. பல ஃபில்டர்கள் தாடையைச் சுருக்கியிருக்கும், கண்மணிகளின் தூரத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஒரு செல்ஃபியில் அந்தத் தூரம் 630 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு 10 பிக்சல் கிடைக்கிறது. கன்னத்தில் கண்ணுக்குத் தெரியும் துளையின் அகலம் சுமார் 0.3 மில்லிமீட்டர், ஆகவே படத்தில் அது 3 பிக்சல் இருக்க வேண்டும். இதே முகம் சிறிய படத்தில் 200 பிக்சல் கண் இடைவெளியோடு இருந்தால், ஒரு துளைக்கு ஒரு பிக்சல்கூடக் கிடைக்காது. அங்கே துளைகளைத் தெளிவாக வரைவதே பொய். லேசான சொரசொரப்பு போதும். திருத்தியது பல்லிளிக்கும் படங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போடாதவை.

மேலே சொன்ன 630 பிக்சல் செல்ஃபியையே எடுத்துக்கொள்ளலாம். ஜன்னல் வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. இதற்கு ஏற்ற கடன் படம், ஃபில்டர் இல்லாமல், ஏறக்குறைய அதே கோணத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒன்று. வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. துளையின் ஒரு விளிம்பில் ஒளியும் மறு விளிம்பில் நிழலும் விழுவதால்தான் கண் அதைக் குழியாகப் படிக்கிறது. திசை மாறினால் குழிகள் எல்லாம் கொப்புளங்களாகத் தெரியும்.

இலவச மென்பொருளான கிம்ப் இந்த வேலைக்குப் போதும். கடன் படத்தை செல்ஃபியின் மேல் ஒரு லேயராக வைத்து, கண்மணிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை அளவையும் சாய்வையும் சரிசெய்ய வேண்டும். பிறகு அந்த லேயரின் மேல் `Filters > Enhance > Wavelet Decompose` கொடுத்தால், படம் நுணுக்கத்தின் அளவுப்படி பல லேயர்களாகப் பிரியும். முதலாவதில் ஒரு பிக்சல் அளவிலான நுணுக்கம் இருக்கும், அடுத்தடுத்தவற்றில் 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். கடைசியில் மிஞ்சும் லேயரில் முகத்தின் நிறமும் வடிவமும் மட்டும் இருக்கும். 3 பிக்சல் துளைக்குத் தேவையானவை இரண்டாவதும் மூன்றாவதும். முதலாவதில் பெரும்பாலும் கேமராவின் இரைச்சல்தான் இருக்கும்; அதை விட்டுவிடலாம். பெரிய அளவுகளில் பருவும் தழும்பும் வந்துவிடும். எடுத்த இரண்டு லேயர்களிலும் நிறத்தை நீக்கிவிட்டு, செல்ஃபியின் மேல் `Grain Merge` முறையில் வைத்தால் சாம்பல் பின்னணி மறைந்து, தோலின் மேடுபள்ளம் மட்டும் முகத்தில் படியும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். இரண்டு லேயர்களுக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, தேவையான இடங்களில் மட்டும் மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் தீட்ட வேண்டும். மூக்கிலும் மூக்கை ஒட்டிய கன்னப் பகுதியிலும் துளைகள் பெரியவை, அங்கே முழு அளவில் கொடுக்கலாம். காதை நோக்கிப் போகப் போக அவை சிறுத்து, தோல் சரியும் திசையில் நீள்கின்றன. கண்ணுக்குக் கீழே துளைகள் அநேகமாகத் தெரிவதில்லை, மெல்லிய வரிகள்தான் உண்டு. உதட்டில் துளையே கிடையாது. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் அமைப்பு மிகத் துல்லியமாகத் தெரியும், ஆழ்ந்த நிழலில் மங்கிப்போகும். முகம் முழுக்க ஒரே அடர்த்தியில் பூசினால் கன்னம் ஆரஞ்சுப் பழத்தோலாகிவிடும்.

துளைகள் சரியாக அமைந்த பின்னும் முகம் பொம்மையாகத் தோன்றினால் காரணம் நிறம். தோலின் நிறம் ஒருபோதும் சீராக இருப்பதில்லை, ஃபில்டர் அதையும் சேர்த்தே சமப்படுத்தியிருக்கும். மாநிறத் தோலில் வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் நெற்றியின் ஓரங்களிலும் பழுப்பு சற்று அடர்ந்திருப்பது வழக்கம். மூக்கின் பக்கங்களில் லேசான செம்மை இருக்கும். தனி லேயரில், `Soft light` முறையில், பெரிய மென்மையான பிரஷ்ஷை 5 சதவீத அளவில் வைத்து, இந்த வேறுபாடுகளை ஒழுங்கில்லாத திட்டுகளாகத் தொட்டுத் தொட்டுப் பூச வேண்டும். பூசியது தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் உள்ள பளபளப்பையும் கவனிக்க வேண்டும். அசல் தோலில் அது ஒரே வெள்ளைத் திட்டாக இருக்காது, துளைகளால் உடைந்து பொடிப்பொடிப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். அங்கும் மாஸ்க்கை லேசாகத் திறந்துவிட்டால் அந்த உடைப்பு வந்துவிடும்.

கடன் வாங்கப் படமே இல்லாதபோது, முடியோரத்து நெற்றியைப் பார்க்கலாம்; ஃபில்டர் சில சமயம் அந்த ஓரங்களைத் தவறவிடும். அதுவும் இல்லையென்றால் நடுத்தரச் சாம்பல் லேயரில் இரைச்சலைத் தூவி, ஒரு பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, `Emboss` கொடுத்து, `Soft light` முறையில் 20 சதவீத அளவில் வைப்பது வழி. `Azimuth` மதிப்பை வெளிச்சத்தின் திசைக்குப் பொருத்த வேண்டும். இது தூரத்துப் பார்வைக்குத் தாக்குப்பிடிக்கும், பெரிதாக்கினால் மணல் காகிதம் என்பது தெரிந்துவிடும்.

சோதிக்கும்போது படத்தை முழு அளவில் ஒரு முறையும் திரைக்கு அடக்கிச் சுருக்கி ஒரு முறையும் பார்க்க வேண்டும். சுருக்கிய பார்வையில் துளைகள் தனித்தனியாகக் கண்ணில் பட்டால் லேயரின் அளவைக் குறைக்க வேண்டும். பின்னணியில் கேமராவின் இரைச்சல் இருந்து முகத்தில் இல்லாமல் போனால், முகம் வெட்டி ஒட்டியது போலத் தோன்றும்; கடைசியாக முகத்துக்கு அதே அளவு இரைச்சலைச் சேர்ப்பது இதைத் தீர்க்கும்.

வாட்ஸ்ஆப் போன்றவை படத்தைச் சுருக்கி, அழுத்தி அனுப்புகின்றன. அப்போது முதலில் அழிவது இந்த இரண்டு மூன்று பிக்சல் நுணுக்கங்கள்தான். அனுப்பப்போகும் அளவுக்கு முன்கூட்டியே படத்தைச் சுருக்கி, அந்த அளவில் தோலைச் சரிபார்த்துச் சேமித்துக்கொள்வது நல்லது. சுருங்கிய தாடையும் பெரிதான கண்ணும் இந்த முறையில் மாறாது. திரும்பி வந்த துளைகளும் வேறொரு நாளின் தோலுக்குச் சொந்தமானவை. அதனால் தோல் மருத்துவரிடம் காட்டவோ அடையாளச் சான்றுக்குத் தரவோ இந்தப் படம் ஆகாது.