மேலாளரின் நியாயமற்ற குறைக்குப் பதில் எழுதும்போது

மேலாளர் அனுப்பும் நியாயமற்ற கண்டனத்தில் பெரும்பாலும் இரண்டு கலந்திருக்கும்: சரிபார்க்கக்கூடிய ஒரு தகவல், அதன்மேல் ஏற்றிய ஒரு தீர்ப்பு. தீர்ப்புக்கு மறுமொழி சொல்லப் போகும்போதுதான் பதிலில் கோபம் ஏறுகிறது. அதனால் முதல் வேலை, இரண்டையும் பிரித்துவைப்பது.

திருப்பூர் பின்னலாடை நிறுவனமொன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வருவதாகக் கொள்ளலாம்: "உங்கள் அலட்சியத்தால் ஷிப்மென்ட் 6 நாள் தள்ளிப்போயிருக்கிறது. எப்போதும் இதே கதைதான்." இதில் 6 நாள் தாமதம் தகவல், அதை ஆவணத்தோடு ஒப்பிடலாம். 'அலட்சியம்', 'எப்போதும்' இரண்டும் தீர்ப்பு. அவற்றுக்கு நேரடிப் பதில் வேண்டியதில்லை. தாமதம் எங்கே விழுந்தது என்று காட்டினாலே அலட்சியம் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

பதில் இந்த அளவில் இருந்தால் போதும்: "ஷிப்மென்ட் 6 நாள் தாமதமானது உண்மை. துணியின் சாய நிற மாதிரி மார்ச் 3 அன்று பையருக்குப் போனது. 7ஆம் தேதி வரவேண்டிய ஒப்புதல் 14ஆம் தேதிதான் வந்தது. 8, 11 தேதிகளில் நினைவூட்டினேன். அந்த மின்னஞ்சல்களை இணைத்துள்ளேன். ஒப்புதல் வந்த மறுநாளே சாயப்பட்டறையில் வேலை தொடங்கியது. தையலில் ஒரு நாளை மீட்டோம். 8ஆம் தேதியே உங்களுக்கும் தெரிவித்திருக்க வேண்டும். அது என் தவறு. இனி ஒப்புதல் ஒரு நாள் தாண்டினாலே தெரிவிப்பேன்."

இந்தப் பதிலின் பலமே அந்தத் தவற்றை ஒப்புக்கொண்ட வரிதான். சொந்தப் பங்கை அதன் அளவுக்கு மட்டும் ஏற்பவர் மற்றதை மறுக்கும்போது நம்பிக்கை பிறக்கிறது. அதற்கு மேல் போய், சமாதானத்துக்காக "எல்லாம் என் தவறுதான்" என்று எழுதுவதும் உணர்ச்சிவசப்பட்ட பதிலே. ஆண்டு மதிப்பீட்டின்போது அந்த வரியை எடுத்துக் காட்டலாம். அதை எழுதிய அன்றைய மனநிலை அங்கே யாருக்கும் தெரியாது.

கோபம் வசைச்சொல்லாக வருவது குறைவு. "ஏற்கெனவே சொன்னதுபோல", "மின்னஞ்சலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்று மரியாதை வேடத்தில்தான் அது நுழைகிறது. அந்தச் சொற்றொடரை எடுத்துவிட்டுப் படித்தால் தகவல் எதுவும் குறையவில்லையா? அப்படியானால் அது குத்தலுக்காக வந்தது, நீக்கிவிடலாம். முகவரிப் பட்டியலும் இப்படித்தான். மேலாளர் தனியாக அனுப்பியதற்கு இயக்குநரையும் சிசியில் சேர்த்துப் பதில் அனுப்பினால், உள்ளே எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது புகாராகவே படிக்கப்படும். அவரே பலரைச் சேர்த்து அனுப்பியிருந்தால், தேதிகள் அடங்கிய பதிலை அதே பட்டியலுக்கு அனுப்புவது நியாயம்.

பெறுநர் முகவரியை வெறுமையாக விட்டு எழுதுவது நல்லது. பாதியில் கை தவறினாலும் போகாது.

மேலாளர் நேரில் அழைத்து "சரி, விடுங்கள்" என்று முடித்தால், அன்றே இரண்டு வரி அனுப்ப வேண்டும்: தாமதம் ஒப்புதலால் ஏற்பட்டது என்று பேசி முடித்ததும், இனிப் பின்பற்றப்போகும் முறையும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பில் மிஞ்சுவது முதல் கண்டனம் மட்டுமே.