இன்னொரு மாடி கேட்டவருக்கு எழுதிய கடிதம்

"சார், பில்லர் குழி எடுத்தாச்சு. இன்னிக்கு மச்சான் வந்து பார்த்தார். மேல இன்னொரு மாடியும் போட்டா வாடகைக்கு விடலாமேன்னு சொல்றார். டிராயிங்ல மட்டும் கொஞ்சம் மாத்திக் கொடுத்துடுங்க."

ஒரு திங்கட்கிழமை மாலை வந்த போன் இது. தாம்பரத்தை அடுத்த ஒரு மனையில் தரைத்தளமும் முதல் மாடியும் கட்ட, கம்பி, கான்கிரீட் கணக்குப் போட்டு டிராயிங் கொடுக்கும் பொறியாளராக என்னை அமர்த்தியிருந்தார் அந்த வீட்டுக்காரர். பணி ஓய்வில் வந்த பணத்தை வைத்துக் கட்டுகிறார். தளத்துக்கு 1,100 சதுர அடி, இரண்டு தளமும் சேர்ந்து 2,200. என் கட்டணம் 44,000 ரூபாய் என்று இரண்டு பக்க ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். வியாழக்கிழமை குழிகளில் பிசிசி போடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் மாத்தி" என்று அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. மாடி மேலேதானே வருகிறது, கீழே என்ன மாறப்போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மேலே ஒரு மாடி ஏறினால் முதலில் மாறுவது மண்ணுக்குள் இருக்கிற ஃபுட்டிங்தான். அதை அவருக்குப் புரியவைத்து, அதற்கு ஆகும் கூடுதல் செலவையும் சொல்லி, முடிவை அவரிடமே விட வேண்டும். அதற்குத்தான் கடிதம்.

போனிலேயே "சரி சார், எக்ஸ்ட்ரா ஆகும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கலாம். பல வருடங்களுக்கு முன் அப்படித்தான் செய்தேன். ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை நீட்டச் சொன்னார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து டிராயிங்கை முடித்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பில் அனுப்பினேன். "இவ்வளவு ஆகும்னு முன்னாடியே சொல்லியிருந்தா நீட்டச் சொல்லியிருக்கவே மாட்டேனே" என்றார் உரிமையாளர். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. பாதிப் பணம்தான் வந்தது. வேலைக்கு முன்னால் போகிற கடிதத்தை வாங்குகிறவர் யோசித்துப் பதில் சொல்லலாம். முடிந்தபின் போகிற கடிதம் எவ்வளவு பணிவாக எழுதினாலும் பில்தான்.

ஆகவே திங்கள் இரவே உட்கார்ந்தேன். முதலில் கணக்கு. வீட்டின் நடுவில் நிற்கும் ஒரு பில்லர் ஏறக்குறைய 12 சதுர மீட்டர் தளத்தைத் தாங்குகிறது. தளம், சுவர், மனிதர்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஒரு டன் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், தளத்துக்கு 12 டன். தரைத்தளமும் முதல் மாடியும் என்றால் 24 டன். இன்னொரு மாடி ஏறினால் 36 டன். அந்த மனையின் மண் சதுர மீட்டருக்கு 15 டன் வரை தாங்கும் என்று பரிசோதனையில் வந்திருந்தது. ஃபுட்டிங்கின் சொந்த எடையையும் சேர்த்து வகுத்தால், இரண்டு தளத்துக்கு நாலரை அடி சதுரம் போதும். மூன்று தளத்துக்கு ஐந்தரை அடி சதுரம் வேண்டும்.

ஓர் அடிதான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் பரப்பில் பார்த்தால் 20 சதுர அடி 30 ஆகிறது, அதாவது பாதிக்குப் பாதி கூடுகிறது. குழி ஐந்தடி ஆழம் என்பதால் ஒரு குழிக்கு 50 கன அடி மண் அதிகம் எடுக்க வேண்டும். இரண்டு குழிக்கு ஒரு யூனிட் மண். 9க்கு 12 அங்குலமாக இருந்த பில்லர் 9க்கு 15 ஆகும். கம்பியும் கூடும். நான் கொடுத்திருந்த ஃபுட்டிங் டிராயிங், பில்லர் டிராயிங் இரண்டும் இனி உதவாது.

கடிதத்தை வீட்டுக்காரருக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினேன்: அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம்.

"அன்புள்ள ஐயா, தரைத்தளம், முதல் மாடி இரண்டுக்கும் கட்டமைப்பு டிராயிங் தருவதாக நம் ஒப்பந்தத்தின் முதல் பத்தியில் உள்ளது. ஃபுட்டிங், பில்லர் டிராயிங்குகளை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். இன்று மாலை போனில் இரண்டாம் மாடியும் சேர்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். அப்படிச் சேர்த்தால் இப்போது தோண்டியிருக்கும் நாலரை அடிக் குழிகள் போதாது. நடுக் குழிகளை ஐந்தரை அடியாக அகலப்படுத்த வேண்டும். உங்கள் பதில் வரும்வரை குழியில் கான்கிரீட் போட வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்."

கான்கிரீட்டை நிறுத்தச் சொல்லும் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன். கடிதத்திலேயே விலை உயர்ந்த வரி அதுதான். மண் குழியை அகலப்படுத்த ஒரு நாள் போதும். கான்கிரீட் இறுகிய ஃபுட்டிங்கைப் பெரிதாக்குவதென்றால் சுற்றிலும் தோண்டி, பழைய கான்கிரீட்டைக் கொத்தி, புதுக் கம்பியை அதில் பிணைக்க வேண்டும். அது வேறு கணக்கு.

அடுத்தது பணம். பல ஆலோசகர்கள் இந்த இடத்தில் சதுர அடிக் கணக்கிலேயே போய்விடுகிறார்கள். சதுர அடிக்கு 20 ரூபாய், கூடுதல் 1,100 சதுர அடி, ஆக 22,000 என்று எழுதுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இரண்டாம் மாடி முதல் மாடியின் அச்சு அசலான நகல். அதற்குப் புதிதாக யோசிக்க அதிகமில்லை. உழைப்பு முழுவதும், செய்த வேலையைத் திரும்பச் செய்வதில்தான் இருக்கிறது. கூடுதல் வேலைக்கு மணிக்கு 800 ரூபாய் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தது. அந்த வரி இல்லாமல் ஒப்பந்தம் போட்டால், குழி தோண்டியபின் விலை பேச வேண்டியிருக்கும். அப்போது எந்த விலையும் வீட்டுக்காரருக்குப் பறிப்பது போலத்தான் தெரியும்.

கணக்கு முழுவதையும் மறு ஓட்டம் ஓட்ட 8 மணி நேரம், 6,400 ரூபாய். ஃபுட்டிங், பில்லர் டிராயிங்குகளைப் புதிதாக வரைய 10 மணி, 8,000. இரண்டாம் மாடியின் பீம், தள டிராயிங்குக்கு 5 மணி, 4,000. கூடுதலாக இரண்டு முறை தளத்துக்கு வந்து கம்பி பார்க்க 3,000. மொத்தம் 21,400. இதில் கழிக்க வேண்டியதும் ஒன்று இருந்தது. முதல் மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி நிற்பதற்கான டிராயிங்கை நான் இன்னும் தொடங்கவில்லை. தொட்டி இப்போது இன்னொரு மாடி மேலே போய்விடும், அதற்கான வேலை இரண்டாம் மாடியின் 5 மணிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே அந்த 2 மணி நேரத்துக்கான 1,600 ரூபாயைக் கழித்தேன். மீதி 19,800. 18 சதவீத ஜிஎஸ்டி 3,564. கையிலிருந்து போவது 23,364 என்று அந்தக் கடைசித் தொகையையே எழுதினேன். "வரி தனி" என்று மட்டும் போட்டுவிட்டுப் பில்லில் கூட்டிக் காட்டினால், சண்டை அந்த மூவாயிரத்து ஐந்நூறில்தான் வரும்.

கணக்கைத் திரும்பப் பார்க்கும்போது என் அலுவலகத்தின் தவறு ஒன்றும் தெரிந்தது. மாடிப்படி இறங்கும் இடத்தில் ஒரு பீமை ஒன்பது அங்குலம் தள்ளி வரைந்திருந்தோம். புது டிராயிங்கோடு சேர்த்துச் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதன் நேரமும் வீட்டுக்காரரின் கணக்கில் ஏறிவிடும். அதனால் எழுதினேன்: "படிக்கட்டுப் பீமைத் திருத்த ஆகும் 2 மணி நேரம் எங்கள் தவறால் வந்தது. அது மேற்சொன்ன தொகையில் இல்லை." வாடிக்கையாளர் கேட்டதால் வந்த வேலை வேறு, நாம் பிழை செய்ததால் வந்த வேலை வேறு. இரண்டும் ஒரே வாரத்தில் வந்து விழும்போதுதான் கலந்துவிடும்.

என் கட்டணத்தில் சேராத செலவையும் சொல்ல வேண்டியிருந்தது. மண் எடுப்பு, கம்பி, கான்கிரீட் செலவை மேஸ்திரிதான் சொல்ல முடியும். இன்றே கேட்டுவையுங்கள் என்றேன். இன்னொன்று பிளான் அப்ரூவல். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. இவர் அனுமதி வாங்கியது அதில்தான். மூன்று தளமும் சேர்ந்தால் 3,300 சதுர அடி, அளவு உள்ளேதான் வருகிறது. ஆனால் அப்போது அந்தத் திட்டம் தரைத்தளத்துக்கும் ஒரு மாடிக்கும் மட்டுமே இருந்தது. இரண்டாம் மாடி என்றால் வழக்கமான வழியில் திரும்ப விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அந்த வேலை என்னுடையதல்ல, பிளான் போட்டவருடையது. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், என் டிராயிங்கை நம்பிக் கட்டிவிட்டு அனுமதியில்லாத மாடியோடு நிற்பார்.

எல்லாவற்றையும் எழுதியபின், அவர் முன்னால் மூன்று வழிகள் வைத்தேன். ஒன்று, பழையபடி இரண்டு தளம். கூடுதல் செலவில்லை, வியாழன் கான்கிரீட் போடலாம். இரண்டு, ஃபுட்டிங்கையும் பில்லரையும் மட்டும் மூன்று தளத்துக்கு ஏற்றபடி மாற்றிவிட்டு, இரண்டாம் மாடியைப் பணமும் அனுமதியும் வரும்போது கட்டுவது. மறுகணக்கு, இரண்டு டிராயிங், ஒரு தளப் பார்வை சேர்ந்து 15,900, வரியோடு 18,762. தொட்டி இப்போதைக்கு முதல் மாடி மேலேயே நிற்கும் என்பதால் இதில் கழிவு இல்லை. மூன்று, இப்போதே மூன்று தளம், 23,364. இரண்டு, மூன்று வழிகளுக்கு ஃபுட்டிங் டிராயிங் கொடுக்க எனக்கு நான்கு வேலை நாள் வேண்டும், மேஸ்திரிக்குக் காத்திருப்பு அதுவரை.

பதிலை எழுத்தில் கேட்டேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62வது பிரிவின்படி, ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். நான் கடிதம் அனுப்பியதாலேயே அது மாறிவிடாது. அதே சட்டத்தின் 70வது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அடைந்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது. ஆனால் அதை வைத்துப் பணம் வாங்க நீதிமன்றப் படி ஏற வேண்டும். ஒரு வரிப் பதில் அதையெல்லாம் மிச்சப்படுத்தும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை. மின்னணு வழியில் நடந்தது என்பதாலேயே ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது, வாட்ஸ்அப் போதும்.

செவ்வாய் காலை அனுப்பினேன். மத்தியானம் அவர் கூப்பிட்டார். பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "இப்ப ஃபுட்டிங்கைப் பெரிசாப் போட்டுட்டு, அஞ்சு வருஷம் மாடி கட்டாம விட்டா ஏதாவது ஆகுமா சார்?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, மேலே நீட்டி விடும் கம்பியை மட்டும் துரு ஏறாமல் சிமென்ட் கலவையில் மூடி வைக்க வேண்டும் என்றேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "இரண்டாவது வழி. ரூ.18,762 சம்மதம். மேஸ்திரியிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மச்சானிடமும் சொல்லிவிட்டேன்."

அடுத்த செவ்வாயன்று தளத்துக்குப் போனேன். நடுக் குழிகளைச் சுற்றி, பழைய சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே பக்கத்துக்கு அரை அடி தள்சிப் புதுக் கோடு போட்டிருந்தார்கள்.