உஷார்! குழுவில் உங்கள் எண்ணை யார் யார் பார்க்கிறார்கள்?

"என் நம்பர் எல்லாருக்கும் தெரியுதே, கொஞ்சம் பயமா இருக்கு" என்று பெரிய புலனக் குழுவில் யாராவது ஒருவர் எழுதினால் போதும். "பயமா இருந்தா வெளியே போயிடுங்க" என்று உடனே பதில் வந்துவிடும். எழுதியவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பார். அதோடு வாய் மூடிக்கொள்வார். பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அவர் பயந்தது சரி. பதில் சொன்னவருக்குத்தான் விஷயம் தெரியவில்லை.

தங்காக்கில் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு குழு, கோயில் திருவிழாவுக்கு ஒரு குழு, தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர்களுக்கு ஒரு குழு, துணிக்கடையில் புதுச் சரக்கு வந்ததைச் சொல்ல ஒரு குழு என்று ஒவ்வொரு கைப்பேசியிலும் பல குழுக்கள் இருக்கின்றன. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். உள்ளே வந்த எவரும் குழுவின் பெயரைத் தட்டினால் எல்லா எண்களும் வரிசையாகத் தெரியும். அதை மறைக்க சாதாரணக் குழுவில் வசதியே இல்லை. "நிர்வாகி மட்டும்தான் பேச முடியும்னு மாத்திட்டோம், இனிமே பாதுகாப்பு" என்று சொல்கிறார்கள். அது பேச்சை நிறுத்தும். பட்டியலை மறைக்காது.

"நம்பர் என்ன ரகசியமா? எப்பவோ வெளியே போயாச்சே" என்பார்கள். உண்மைதான். மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்கள் கசிந்தது 2017 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கசிவில் பெயர், முகவரி, அடையாள அட்டை எண்கூட இருந்தன. ஆனால் உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு, வகுப்பாசிரியர் யார், திருவிழாவுக்கு யாரிடம் பணம் கட்டினீர்கள் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. குழுவில் இருக்கிறது. வெறும் எண்ணை வைத்து அழைப்பவனை இரண்டு கேள்வியில் மடக்கிவிடலாம். நம் ஊர்ச் சங்கதி தெரிந்து அழைப்பவனிடம்தான் ஏமாறுகிறோம்.

எப்படி நடக்கிறது என்று ஒரு பெற்றோர் குழுவை வைத்துப் பார்ப்போம். புதுப் பெற்றோர் சேர வசதியாக, குழுவின் அழைப்பு இணைப்பை யாரோ ஃபேஸ்புக்கில் போட்டுவிடுகிறார். அதைத் தட்டி ஒருவன் உள்ளே வருகிறான். பிள்ளையார் படம் வைத்திருக்கிறான், யாரும் கேட்பதில்லை. ஒரு வாரம் சும்மா இருந்து படிக்கிறான். பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் நாம் வைத்துக்கொண்ட பெயர் மட்டும்தான் இருக்கும், "அம்மு" என்றோ "ராஜா" என்றோ. முழுப் பெயர் வேண்டுமென்றால் வங்கிச் செயலியில் டூயிட்நவ் பகுதிக்குப் போய் அந்த எண்ணைப் போடுகிறான். நீங்கள் அந்த எண்ணை டூயிட்நவ்வில் பதிந்திருந்தால், பணம் அனுப்பும் முன்பே உங்கள் வங்கிக் கணக்குப் பெயர் திரையில் வந்து நிற்கும். நம் பெயர்களில் அப்பா பெயரும் சேர்ந்தே வரும். ஒரு காசு செலவில்லாமல் தகப்பன் பெயர்வரை தெரிந்துகொண்டான்.

அடுத்து, பொருளாளரின் படத்தை எடுத்துப் புது எண் ஒன்றில் வைக்கிறான். "வணக்கம்மா, இது என் புது நம்பர். சுற்றுலாவுக்கு 60 வெள்ளி இன்னைக்கே கட்டணும், பஸ்காரருக்குச் சொல்லணும்" என்று முழுப் பெயர் போட்டு அனுப்புகிறான். குழுவில் சுற்றுலாப் பேச்சு நேற்றுதான் ஓடியது. யாருக்குச் சந்தேகம் வரும்?

இன்னொரு வழி இதைவிட மோசம். "உங்க நம்பருக்குத் தவறுதலா ஆறு இலக்கக் கோட் ஒண்ணு வந்திருக்கும், அனுப்பிடுங்க" என்பான். அது உங்கள் புலனக் கணக்கை வேறு கைப்பேசியில் திறக்கும் சாவி. கொடுத்துவிட்டால், நீங்கள் இருக்கும் அத்தனை குழுவிலும் உங்கள் பெயரில் அவன் உட்கார்ந்திருப்பான். பிறகு கடன் கேட்பது அவன். நம்பிக் கொடுப்பது உங்கள் அக்காவும் மச்சானும்.

அறிமுகமில்லாத எண்ணிலிருந்து செய்தி வந்தால், உங்கள் இருவருக்கும் பொதுவான குழு உண்டா என்று புலனமே மேலே காட்டும். பொதுக் குழு இல்லையென்றால் "நான் பள்ளிக் குழுப் பொருளாளர்" என்பது பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருக்கிறது என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், அவன் குழுவுக்குள்ளேயே இருப்பவனாக இருக்கலாம். பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேளுங்கள். அது ஒன்றுதான் சோதனை.

நிர்வாகிகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. உறுப்பினர் பயத்தைச் சொன்னால் குழுவில் விவாதம் வைக்காதீர்கள், தனியாகப் பேசுங்கள். குழுவில் இருக்கும் ஒருவர் ராத்திரியில் "ஹாய்" என்று தொல்லை கொடுக்கிறார் என்றால் திரைப்பிடிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த ஆளை நீக்குங்கள். புகார் சொன்னவர் யாரென்று எவருக்கும் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த பெண் புகாரே கொடுக்க மாட்டார்.

பெரிய குழுவுக்கு உண்மையான தீர்வு, அறிவிப்பை வேறு இடத்துக்கு மாற்றுவதுதான். புலனத்தில் Community ஒன்று தொடங்கினால் அதற்குள் Announcements தானாக உருவாகும். அங்கே உங்கள் எண் நிர்வாகிகளுக்கும், உங்களை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களுக்கும்தான் தெரியும். மற்ற பெற்றோருக்குத் தெரியாது. ஆனால் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். பழைய குழுவை அப்படியே அதற்குள் இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பழைய குழுவில் எண்கள் பழையபடியே தெரியும், மாற்றியதற்குப் பலனே இல்லை. புது இணைப்பைக் கொடுத்து எல்லாரையும் Announcements பக்கம் வரச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துப் பழைய குழுவிலிருந்து ஆட்களை எடுத்துவிடுங்கள். ஓடியாடி வேலை செய்யும் பதினைந்து இருபது பேருக்கு மட்டும் பேசுவதற்குத் தனிக் குழு போதும்.

மாற்ற நாளாகும் என்றால் இன்றைக்கே இரண்டு வேலை செய்யலாம். பழைய அழைப்பு இணைப்பை Reset link கொடுத்துச் செல்லாததாக்குங்கள். புதிதாகச் சேர்பவருக்கு நிர்வாகியின் ஒப்புதல் வேண்டும் என்று அமைப்பை மாற்றி, "உங்க பிள்ளை எந்த வகுப்பு?" என்று கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போன எண்ணை எதைக் கொண்டும் திரும்ப வாங்க முடியாது. குழுவை விட்டு வெளியேறினாலும், விலகியவர் பட்டியலில் 60 நாள் வரை உங்கள் எண் தெரிந்துகொண்டே இருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறதே என்றால், அது வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுக்கான சட்டம். கோயில் குழுவிலும் பெற்றோர் குழுவிலும் அதை நம்பி உட்கார முடியாது. அதனால் உங்கள் பக்கத்துக் கதவை நீங்களே சாத்துங்கள். Settings, Privacy, Groups போய் My contacts என்று வையுங்கள், தெரியாதவர் உங்களைக் கேட்காமல் குழுவில் சேர்க்க முடியாது. முகப்புப் படத்தையும் My contacts பார்க்கும்படி மாற்றுங்கள். Two-step verification போட்டு ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள், கோட் தவறிப் போனாலும் கணக்கு போகாது. டூயிட்நவ்வில் கைப்பேசி எண் தேவையில்லை என்றால் வங்கிச் செயலியிலேயே அந்தப் பதிவை நீக்கிவிடலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே உங்கள் வங்கியை அழையுங்கள், அல்லது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். வெட்கப்பட்டு மறுநாள்வரை காத்திருந்தால் பணம் கைமாறிக் கைமாறிப் போய்விடும். வீட்டில் வயதான அம்மா அப்பா இருந்தால் இந்த எண்ணை அவர்கள் கைப்பேசியில் நீங்களே பதிந்து கொடுங்கள்.