வாசலில் முகம், கவுண்டரில் வயது

இந்தியாவுக்குள் விமானத்தில் போகிறவரிடம் அடையாளச் சான்று இரண்டு இடங்களில் கேட்கப்படுகிறது. முதல் இடம் விமான நிலையத்தின் நுழைவாசல். அங்கே நிற்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர், டிக்கெட்டில் உள்ள பெயர் அட்டையில் இருக்கிறதா, அட்டையில் உள்ள படம் எதிரே நிற்பவருடையதா என்று பார்க்கிறார். அடுத்தது உள்ளே, விமான நிறுவனத்தின் செக்-இன் கவுண்டர். கைக்குழந்தையோடு வருபவரிடமும், முதியோர் சலுகைக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்தவரிடமும் அங்கே வயதுக்கும் ஆதாரம் கேட்பார்கள். வாசலில் செல்லும் சான்று கவுண்டரில் போதாமல் போவதும், கவுண்டரில் செல்வது வாசலில் செல்லாமல் போவதும் உண்டு. குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

வாசலில் எவை செல்லும் என்பதை சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2017 அக்டோபரில் பத்து ஆவணங்களாக வரையறுத்தது. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகிய ஐந்தும் எல்லாரும் அறிந்தவை. மற்ற ஐந்து பலருக்குத் தெரியாது: பணியிட அடையாள அட்டை, அரசுக் கல்வி நிறுவனத்தின் மாணவர் அட்டை, படம் ஒட்டிச் சான்றொப்பமிட்ட தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் பாஸ்புக், படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. எதுவானாலும் அசலாக இருக்க வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது.

இந்தப் பத்தில் ரேஷன் அட்டை கிடையாது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும் ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவரின் படம் மட்டுமே உண்டு. மற்றவர்களுக்கு அது முக அடையாளமாகாது. ஆனாலும் ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பையில் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.

மதுரையிலிருந்து டெல்லிக்குப் போகும் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்த்தால் மற்றவை விளங்கும். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி, இரண்டு வயது நிறைய மூன்று வாரம் இருக்கும் பேரன். மகனுக்கும் மருமகளுக்கும் ஆதார் இருக்கிறது. அவர்கள் பாடு முடிந்தது. பெற்றோர் உடன் வந்து, அவர்களிடம் செல்லத்தக்க சான்றும் இருந்தால், பிள்ளைகளுக்குத் தனியாகப் பட அடையாளம் வேண்டாம் என்பது விதி. ஆகவே வாசலில் பேத்தியிடமும் பேரனிடமும் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

கவுண்டரில் பேரன் விஷயம் வேறு. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை இல்லை. சிறு தொகை வாங்கிக்கொண்டு மடியில் வைத்துப் போக விடுகிறார்கள். அதனால் வயதுக்குச் சான்று வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் பேச்சே இல்லை. பிறந்த தேதி உள்ள தடுப்பூசி அட்டையையோ பாஸ்போர்ட்டையோ காட்டலாம். சான்று இல்லாவிட்டால் பெரியவருக்கான கட்டணத்தைக் கேட்பார்கள், அதுவும் அன்றைய விலையில். இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. வயது கணக்கிடப்படுவது பயணம் செய்யும் நாளில். டிக்கெட் எடுத்த நாளில் அல்ல. டெல்லியில் ஒரு மாதம் தங்கித் திரும்பும்போது பேரனுக்கு இரண்டு முடிந்திருக்கும். போகும்போது மடியில் போன பிள்ளைக்கு வரும்போது தனி இருக்கை வாங்கியாக வேண்டும்.

பேத்தியின் நிலை, உடன் வருவது யார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. பெற்றோர் முன்னதாகப் போய்விட, தாத்தா பாட்டியுடன் அவள் பின்னால் போனால், மேலே சொன்ன விலக்கு பொருந்தும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. விதி சொல்வது பெற்றோரை. தாத்தாவின் ஆதார் பேத்திக்காகப் பேசாது. அப்போது அவளுக்கென்று ஒரு பட அடையாளம் கையில் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் படம் இல்லாததால் அது அந்த வேலையைச் செய்யாது. தனியார் பள்ளி அட்டையை நம்புவதைவிட அவளுடைய ஆதாரைக் கொண்டுபோவது நல்லது. தன்னந்தனியாக அனுப்பப்படும் பிள்ளைக்கும் இதே கட்டாயம்தான். கூடவே விமான நிறுவனத்தின் படிவத்தில், ஏற்றிவிடுபவர், அங்கே வந்து அழைத்துப் போகிறவர் இருவரின் விவரமும் எழுதித் தர வேண்டியிருக்கும்.

முதியவர்களின் சிக்கல் பெரும்பாலும் ஆவணத்தின் வயதில் இருக்கிறது. பாட்டியிடம் இருப்பது இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய வாக்காளர் அட்டை. லேமினேஷன் மஞ்சளாகி, படத்தில் கறுத்த முடியும் மூக்குத்தியும்தான் தெரிகின்றன. அட்டை செல்லத்தக்கதுதான், ஆனால் அதில் இருக்கும் முகம் இவர்தானா என்று வீரர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து வாக்காளர் அட்டைகளில் பிறந்த தேதியும் பெரும்பாலும் இருக்காது. ஓர் ஆண்டின் ஜனவரி முதல் தேதியில் இத்தனை வயது என்று மட்டும் இருக்கும். தொடக்கத்தில் வழங்கிய பல ஆதார் அட்டைகளிலும் பிறந்த ஆண்டு மட்டுமே உண்டு. எழுபதைத் தாண்டிய பாட்டிக்கு அதனால் நட்டமில்லை. அறுபது இப்போதுதான் நிறைகிறது என்று முதியோர் சலுகை டிக்கெட் எடுத்தவருக்கோ, ஆண்டு மட்டும் உள்ள அட்டையை வைத்து எதையும் நிரூபிக்க இயலாது. சலுகை டிக்கெட்டுக்கு வயதுச் சான்றைக் காட்ட முடியாவிட்டால் கட்டண வித்தியாசத்தைக் கட்ட வேண்டிவரும், அல்லது ஏற்ற மறுப்பார்கள்.

மொபைலில் காட்டலாமே என்றால், காட்டலாம். எம்-ஆதார் செயலியில் திறந்து காட்டும் ஆதார் செல்லும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய அட்டையின் போட்டோ செல்லாது. செயலியைத் தொடங்க, ஆதாருடன் இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும். தாத்தாவின் ஆதாரில் இருப்பது டெல்லியில் வேலை பார்க்கும் இளைய மகனின் எண் என்றால், மதுரை விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு அந்த மகன் போனை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முதல் நாளே வீட்டில் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. முதியவர்களுக்கு அசல் அட்டையே உத்தமம்.

பெயரில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. டிக்கெட் எடுக்கும் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டைக் கேட்கிறது. இங்கே பலருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். ஆதாரில் ‘வேலம்மாள் எஸ்’ என்று இருப்பவருக்குக் கடைசிப் பெயரில் தந்தை பெயரான சுப்பையாவை முழுதாகப் போடுவார்கள். சிலர் கணவர் பெயரைப் போட்டுவிடுவார்கள். முதலாவதில் இனிஷியல் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். இரண்டாவது, அட்டையில் இல்லாத ஒரு பெயரைக் கொண்டுவருகிறது. கேள்வி எழுவது அதில்தான். ஆங்கில எழுத்தில் ஓர் ‘எல்’ கூடக்குறைய இருப்பதை நிறுவனம் திருத்தித் தரும். நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுத்த டிக்கெட்டில், 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டினால் அதே ஆளின் பெயரைத் திருத்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆளையே மாற்ற மட்டும் முடியாது. தாத்தாவின் டிக்கெட்டில் மாமா போக வழியில்லை.

பத்தில் ஒன்றுகூட இல்லாத பெரியவரும் இருக்கலாம். அவருக்கும் விதி ஒரு வழி வைத்திருக்கிறது. மத்திய அல்லது மாநில அரசின் குரூப் ஏ கெசட்டட் அதிகாரி ஒருவர், தம் அலுவலகத் தலைப்புத் தாளில் இன்னார் என்று சான்று எழுதி, பயணியின் படத்தை அதிலேயே ஒட்டி, சான்றொப்பமிட்டுத் தந்தால் அது அடையாளமாக ஏற்கப்படும். அந்தக் கையெழுத்துக்கு அலுவலக நாளும் அதிகாரியின் நேரமும் வேண்டும். அதனால் டிக்கெட் எடுத்த வாரத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.